மேசைமேல் மூன்று சம்பள உறைகள்

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில வருடங்கள் முன்பு போ பசான் ஊரில் ஒரு வீட்டை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். சுங்க அலுவலக குமாஸ்தாவுக்கு இருநூறு ரூபாய் சம்பளம். வாத்தியாரான எனக்கு நூற்றைம்பது. துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவனுக்கு ஐம்பது. வாடகை அறுபது. சமமாகப் பிரித்தால் அவன் பட்டினிதான் கிடக்க வேண்டும். அதனால் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொண்டோம். அவன் பங்கு ஏழரை ரூபாய். மின்சார பில்லும் அதே விகிதம். மாதக் கடைசியில் மூவரும் சம்பள உறையை மேசைமேல் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் அவன் காலில் புது சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது ரூபாய்க்காரனுக்கு அது எப்படி வரும்? கமிஷன் வாங்கி மறைக்கிறான் என்றே முடிவு கட்டினேன். சனிக்கிழமை பஸ் ஏறி, அவன் கடை இருந்த காத்ர் போர்னுக்குப் போய் அவன் முதலாளியிடமே விசாரித்தேன்.

"கமிஷனா? ஐம்பதுக்கு மேல் ஒரு காசு கிடையாது. சப்பாத்து தவணையில் வாங்கியது" என்றார் அவர்.

அந்த மாதக் கடைசியில் அவன் உறையைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கடைக்கு வந்தீங்களாமே, அண்ணே. நீங்க டியூஷன் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைங்களோட அம்மாமார் எங்க கடையிலதான் துணி எடுக்கிறாங்க. ஒரு வருஷமா எனக்குத் தெரியும்."

டியூஷன் பணம் எந்த உறையிலும் வருவதில்லை.