நாற்பத்தொரு நிமிடம்

புத்தளத்துக் கடல்நீர்க் களப்போரத்து உப்பளத்தில் சிபானா பார்க்கும் வேலைக்குத் தனிப் பெயர் இல்லை. காலையும் மாலையும் கண்ணாடி மானியைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு எத்தனை பாகை ஏறியிருக்கிறது என்று பார்த்து, கொட்டகைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பதினொரு வருடங்களாக எழுதுகிறாள். கணவர் கட்டாரில். அவருடைய அழைப்புக்காக வாங்கிய போன், அழைப்பில்லாத நேரத்தில் குட்டி வீடியோக்களைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: மடையைத் திறந்த கைதான் மூட வேண்டும். மடைக்காரர் தாஹிர் முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அதை மீறினார். ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை, மூன்றேகால் மணி. தண்ணீரை வெயிலில் காயவிடும் காய்ச்சல் பாத்திக்குக் களப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும். அளவுக்கு நட்ட முளைக்குச்சி வரை தண்ணீர் வந்ததும் மடைப் பலகையை இறக்கிவிடும்படி சிபானாவிடம் சொன்னார். ஓம் நானா என்றாள், அண்ணனைக் கூப்பிடுவது போல. கொட்டகை நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

நிமிர்ந்தபோது தண்ணீர் வரம்பைத் தாண்டிப் பக்கத்து உப்புப் பாத்திக்குள் இறங்கியிருந்தது. இரண்டு நாளில் வாரியெடுக்க வேண்டிய உப்பு. களப்புத் தண்ணீருக்குக் கனம் குறைவு, விளைந்த உப்பைத் தின்றுவிடும். வெள்ளைப் படலம் அவள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பலகையை இறக்கினாள். முதலாளி ஹஸ்மி ஹாஜியார் வந்து கேட்டபோது, குச்சிக்கு வந்த உடனேயே மூடிவிட்டதாகச் சொன்னாள்.

மூடிய மடையில் தண்ணீர் கசிந்திருக்கும் என்று நினைத்து, போகுமுன் பலகையின் ஓரத்தில் களி அப்பவில்லையா என்று ஹாஜியார் தாஹிரிடம் கேட்டார். அப்பியதாகத்தான் நினைவு என்றார் தாஹிர். பிறகு, திறந்தது தன் கை என்றார். மறுநாளிலிருந்து அவருக்கு மூட்டை தைக்கும் வேலை.

ஐந்து நிமிடம்தான் பார்த்தோம் என்று சிபானா தனக்கே சொல்லிக்கொண்டாள். அதை நிச்சயப்படுத்தத்தான் வெள்ளிக்கிழமை போனின் செட்டிங்கில் திரை நேரக் கணக்கைத் தேடினாள். ஒரு நாளைக்கு நாலே முக்கால் மணித்தியாலம். போனைத் திறந்தது நூற்றுப் பன்னிரண்டு தடவை. செவ்வாய்க்கிழமையைத் தொட்டாள், மணிவாரியாகப் பிரித்தாள். மூன்றிலிருந்து நாலு மணிக்குள் அந்த வீடியோ ஆப் மட்டும் நாற்பத்தொரு நிமிடம்.

முதலில் அந்த ஆப்புக்கு இருபது நிமிட வரம்பு வைத்தாள். நேரம் முடிந்ததும் அது மூடிக்கொண்டது. செட்டிங்கில் போய் வரம்பை ஒரு மணித்தியாலம் ஆக்கினாள். அடுத்த நாள் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். வீடியோக்கள் பழைய பத்திரிகை போல மங்கின, ஆனாலும் பார்த்தாள். பிறகு ஆப்பிலிருந்து வெளியேறி, நினைவில் நிற்காத நீண்ட கடவுச்சொல் ஒன்றைப் போட்டு, அதை எழுதிய துண்டை வீட்டு அலுமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். போனை மூடியுள்ள வாளியில் போட்டு நாலாம் பாத்தி வரப்பில் வைத்தாள். மணி அடித்தால் கேட்கும். பார்க்க வேண்டுமென்றால் வெயிலில் முந்நூறு அடி நடக்க வேண்டும். இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் அத்தனை தூரம் நடக்க மனமில்லை.

மாலைகளில் பாகைக்குப் பக்கத்திலேயே அன்று போன் பார்த்த நிமிடத்தையும் எழுதினாள். இருநூற்றுப் பத்து. நூற்றறுபது. எழுபது. எண் இறங்க இறங்க மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையின் எண் இறங்காது.

ஊசியும் நூலுமாகக் கொட்டகைக்குள் வந்த தாஹிர் கரும்பலகையைப் பார்த்து நின்றார்.

"உப்பு இருபத்தஞ்சு பாகையில வெளையும் புள்ள, எழுபதுல கல்லுதான். இது என்ன கணக்கு?"

அவள் சிரிக்கவில்லை. சோக்கட்டியை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் செவ்வாயின் தேதியை எழுதி, பக்கத்தில் நாற்பத்தொன்று என்று போட்டாள்.

"நான் போன் பாத்த நிமிஷம் நானா. தண்ணி குச்சியத் தாண்டினத்துக்குப் பொறகுதான் பலகைய எறக்கினன். களியில பிழை இல்ல."

தாஹிர் நூலைப் பிரித்துக்கொண்டே நின்றார்.

"பத்து நாளா அந்தக் களியத்தான் புள்ள நெனச்சன். தொழுகையில நிக்கக்குள்ளயும் அதுதான். வயசு போய் மறந்திட்டனோ எண்டு."

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு மூட்டைகளுக்குத் திரும்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே ஹாஜியாரிடம் போய்ச் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, மானி அவள் கையிலேயே இருக்கட்டும் என்றார் அவர். உப்பைப் பற்றிக் கேட்கவில்லை, தாஹிரைப் பற்றி ஏன் இத்தனை நாள் பேசாமல் இருந்தாய் என்று மட்டும் கேட்டார். 

தாஹிர் மறுபடியும் மடைக்கு வந்துவிட்டார். சிபானாவோடு முன்போலவே கதைக்கிறார், தேத்தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். ஆனால் மடையை அவளிடம் விடுவதில்லை; பள்ளியில் பாங்கு கேட்டதும் முதலில் பலகையை இறக்குகிறார். களி அப்பி, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் பள்ளிக்கு நடக்கிறார். திரும்பி வந்து மீதித் தண்ணீரைத் திறக்கிறார். இரட்டை வேலை. நேற்று பாகைக்குப் பக்கத்தில் அவள் எழுதிய நிமிடம் இருபத்தாறு.