நூற்றிருபதுக்கு எண்பது

நதியாவுக்குத் தப்பாகச் செய்வதில்கூட அவ்வளவு பயம் இல்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்று வாயைத் திறந்து சொல்வதில்தான் பயம். திருப்பூர் மண்ணரையில் லைன் வீடு. அப்பா ராபின், ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அந்தக் குடும்பத்தில் நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் அவள். தெரியவில்லை என்று சொன்னால் அன்றோடு கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு எண்ணம் அவளுக்குள் எப்போதும் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பயம்தான் மங்கலத்தில் அவளை வசமாகச் சிக்க வைத்தது.

சமூக நலப் பயிற்சிக்காக அவள் வகுப்பைப் பக்கத்து ஊரான மங்கலத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு குடும்பம். பல முறை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீடு, காற்றோட்டம், தண்ணீர், சாப்பாடு, தடுப்பூசி, ஒவ்வொருவர் உடம்பு என்று எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். என்ன குறை, அதற்கு என்ன செய்தோம், செய்த பிறகு என்ன ஆனது என்பதுவரை அறிக்கையாக்கி, ஆசிரியை வேல்விழி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

நதியாவுக்குக் கிடைத்தது வேலுமணி, அமராவதி குடும்பம். முன்பக்கம் இரண்டு அறை வீடு, பின்னால் தறிக்குடோன். புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார்கள். அவர்கள் குடோன் மட்டுமா, தெரு முழுக்கத் தறி. காலையில் ஆரம்பித்தால் பல்லுக்குள் அதிரும் சத்தம். வீட்டுக்குள் பேசுகிறவர்களே கத்தித்தான் பேசுவார்கள். குடோனுக்குள் பேச்சே கிடையாது. நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவது, சாப்பாட்டுக்கு வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோவது, ஒறம்பரை என்று விருந்தாளி யாராவது வந்தால் வாசலைக் காட்டித் தலையசைப்பது. இருபது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் பாதிப் பேச்சைக் கையாலேயே பேசியிருப்பார்கள்.

முதல் நாள் நதியா தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவத் தண்ணீர் கேட்டபோது அமராவதி சிரித்துவிட்டாள். "ஏன் கண்ணு, எங்கூட்டுத் தரை அத்தனை அழுக்காவா இருக்குது? காலைலதானே கூட்டுனேன்."

"இல்லீங்கம்மா, இதுதான் முறை. ஒரு வீட்டு நோயை அடுத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுல்ல."

"சரி சரி, கழுவு. எங்கூட்டு நோயி எங்கூட்லயே இருக்கட்டும்."

அப்படிச் சொன்னவள் நெற்றியைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். மூன்று மாதமாகத் தலைவலி. தறிச் சத்தம்தான் என்றாள். நதியா அவள் கையில் ப்ரஷர் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, ஸ்டெத்தைக் காதில் மாட்டினாள். காதுக்குள் தறிதான் ஓடியது. தடக் தடக் என்று கேட்பது தறியின் நாடாவா, கையின் நாடியா? மறுபடி ஏற்றினாள். மறுபடியும் தறி. அமராவதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை கண்ணு?"

கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நூத்தியிருபதுக்கு எம்பது. நார்மல்ங்கம்மா" என்றாள். அதையே எழுதியும் வைத்தாள்.

அடுத்த முறை போனபோது வீட்டில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அமராவதியின் மகள் கிருத்திகா கண் சிவந்து ஒரு மூலையில் நின்றாள். திருப்பூரில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவள். பல்லடத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, அடுத்த மாதமே கல்யாணம், படிப்பு போதும் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

"ஏங்கம்மா இவ்ளோ அவசரம்?"

அமராவதி மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நதியாவைக் கொல்லைப்புறப் பொடக்காளிக்குக் கூட்டிப்போனாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றாலும், வாயை நதியாவின் காதருகே கொண்டுவந்து பேசினாள்.

"எங்க பெரியம்மாளுக்கு இப்படித்தான் தலைவலி வந்துது. சத்தம், வெயிலுன்னு சொல்லீட்டே இருந்தாங்க. கடசில பார்த்தா மூளைல கட்டி. ஆறு மாசந்தான். எனக்கும் அதுதான் கண்ணு. நான் போறதுக்குள்ள இவளை ஒருத்தன் கைல புடிச்சுக் குடுத்துப் போடறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனா சொல்லிப் போடுவாங்கல்ல. அப்பறம் அவரு தறி ஓட்டுவாரா? உக்காந்து அழுவாரு." குடோன் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "மொதல்ல ப்ரஷரா இருக்குமோன்னு ஒரு நெனப்பு இருந்துது. அதுன்னா மாத்திரைல அடங்கும். நீதான் வந்து நார்மல்னு சொல்லீட்டியே. அதுக்கு மேல என்ன சந்தேகம்? அன்னிக்குச் சாயங்காலமே தரகரை வரச் சொல்லீட்டேன்."

தான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு எண்ணை இந்த அம்மாள் சாவு ஓலையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த எண்ணை வைத்து ஒரு பெண்ணின் படிப்பு நிற்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வெற்றிலைத் தட்டோடு வேலுமணி அங்கே வர, வந்த சொல் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் கல்லூரியில் வேல்விழி மேடம் எல்லோருடைய அறிக்கைகளையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். நல்ல மனுஷி, கிண்டல்தான் கொஞ்சம் காரம்.

"மங்கலத்துல தறித் தெருவுக்குப் போன அத்தனை பேரும் எழுந்து நில்லுங்க. அனுப்ரியா, உன் வீட்டுத் தாத்தாவுக்கு என்ன ப்ரஷர்?"

"நூத்தியிருபதுக்கு எம்பது மேடம்."

"பக்கத்து வீட்டு மருமகளுக்கு?"

"அதுவும் நூத்தியிருபது எம்பது மேடம்" என்றாள் இன்னொருத்தி, குரல் இறங்கி.

"தெரு முழுக்க ஒரே ப்ரஷர். மங்கலத்துல அதையும் சேர்த்து நெய்யறாங்களா?" வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை மேடம் காத்திருந்தார். "கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதறதுக்கு என்ன கேடு? காது கேக்கலைன்னா விரல் இல்லையா? நாடியப் புடிச்சுக்கிட்டு மேல் ப்ரஷரையாவது பார்க்கத் தெரியாதா?"

அன்று எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். மதிய இடைவேளையில் நதியா மட்டும் மேடத்தின் அறைக்குப் போனாள். அமராவதி பொடக்காளியில் சொன்னதை முழுதாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். "என்னை அனுப்பிடுவீங்களா மேடம்?"

"அழுகைய நிறுத்து. அறிக்கைய அப்புறம் பார்க்கலாம், அந்தம்மாவை முதல்ல பார்க்கணும்." மேடம் போனில் எதையோ தேடினார். "நாளைக்கு அந்தப் பக்கம் பராமரிப்புக்குக் கரண்ட் ஷட்டவுன். தறி ஓடாது. நானும் வர்றேன். ஆனா அவங்க கிட்ட நீதான் சொல்லணும்."

கரண்ட் இல்லாத மங்கலத்தை நதியா அதுவரை பார்த்ததில்லை. தெரு அப்படியே ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தது கேட்டது. அந்த அமைதியிலும் அமராவதி பழக்கத்தில் கத்தித்தான் வரவேற்றாள். வேலுமணி தறியின் பாவில் அறுந்த நூல்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

நதியா எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அன்னைக்கு உங்க ப்ரஷர் எனக்குக் கேக்கவே இல்ல. தறிச் சத்தம். சொல்ல வெக்கப்பட்டு நானே ஒரு நம்பர் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

வேலுமணி மனைவியைப் பார்த்தார். துண்டு கட்டிய நெற்றிக்குக் கீழே அவள் கண்கள் மெதுவாக அகலமாயின. திட்டப்போகிறாள் என்றுதான் நதியா நினைத்தாள்.

"அப்ப..." என்றாள் அமராவதி. குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. "அப்ப எனக்கு ப்ரஷரா இருந்தாலும் இருக்குமா கண்ணு?"

"பார்த்துச் சொல்றேன். இந்தத் தடவை நிஜமா."

கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்தாள். கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணையில் வைத்தாள். முதலில் விரலால் நாடி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏற்றி, மெல்லக் காற்றை விட்டாள். காதுக்குள் தட், தட், தட் என்று தெளிவாக வந்தது. எப்போது தொடங்கியது, எப்போது அடங்கியது, இரண்டையும் பார்த்தாள். மறு கையிலும் எடுத்தாள். பிறகு மேடம் எடுத்தார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றேதான்.

"நூத்தியெம்பத்தி நாலுக்கு நூத்திப் பன்னெண்டு. நெறைய இருக்குங்கம்மா. இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்."

யாரும் எதிர்பாராத விதமாக அமராவதி சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிப்போனது. "ஏனுங்க, கேட்டீங்களா? ப்ரஷருங்களாமா. கட்டி இல்லீங்களாமா."

"என்ன கட்டி?" என்றார் வேலுமணி. அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. மூன்று மாதம் பக்கத்துத் தறியில் நின்றுகொண்டே சாவுக்கு நாள் எண்ணிய மனைவியை அவர் வெறித்துப் பார்த்தார். "கைய காட்டத் தெரியுது. இதைக் காட்டத் தெரியலையா உனக்கு?" என்றவர், வண்டிச் சாவியைத் தேடப் போனார்.

"கட்டி இல்லைன்னு நாங்க சொல்ல முடியாதுங்க, டாக்டர்தான் சொல்லணும்" என்று மேடம் நிதானப்படுத்திப் பார்த்தார். அமராவதி கேட்கிற நிலையில் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பார்வை, கை கால் பலம், நடை எல்லாம் சோதித்தார். சிறுநீர், ரத்தம், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "பயப்படற மாதிரி அறிகுறி எதுவும் இல்லம்மா. ப்ரஷர் எறங்குனா தலைவலியும் போகும்னு நெனைக்கிறேன். போகலைன்னா ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாம். ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். சோற்றுக்கு ஊறுகாய் இல்லாமல் இறங்காத அமராவதிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

அறிக்கையில் அந்தப் பழைய எண்ணை அழித்துவிடலாம் என்று அனுப்ரியா வெள்ளை மை நீட்டினாள். நதியா வாங்கவில்லை. அதன்மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, 'கேட்கவில்லை. தவறாகப் பதிந்தேன்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள். வேல்விழி மேடம் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "மார்க்கு குறைப்பேன். ஆனா உன்னை அனுப்பறதா இல்ல" என்றார்.

அறிக்கையின் கடைசிப் பகுதிக்காக, செய்ததற்குப் பலன் என்ன என்று எழுதுவதற்காக, மூன்று வாரம் கழித்துக் கடைசியாக ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனாள். தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கிருத்திகா புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவள், நின்று நதியாவின் கையை அழுத்திவிட்டு ஓடினாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு, படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பியாயிற்று.

அமராவதியின் நெற்றியில் துண்டு இல்லை. அது அடுப்படியில் குக்கர் இறக்கும் பிடிதுணியாகியிருந்தது.

தெருக்கோடியில் இருந்த அங்கன்வாடியில் சத்தம் குறைவு. அங்கே கூட்டிப்போய்தான் நதியா ப்ரஷர் பார்த்தாள். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறு. திரும்பி வந்தபோது குடோன் வாசலில் இருவரும் நின்றார்கள். உள்ளே, தறிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலுமணி அவர்களைப் பார்த்துவிட்டார். ஒரு கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, புருவத்தை உயர்த்தினார்.

அமராவதி உள்ளங்கையை விரித்து, இல்லை என்று இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுந்த நூலைப் பார்க்கிறவர் மாதிரி பாவின்மேல் குனிந்துகொண்டார். அந்தத் தறியில் அப்போது நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை.