பத்தாவது ஆள்

அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பத்து' என்பார்கள். "பத்தக்கா, பசை வாளியை இப்படித் தள்ளு" என்று அவளைவிட மூத்தவர்களே சொல்வார்கள். பதினொரு வருடமாக மருந்து டப்பாக்களுக்குப் பெட்டி ஒட்டுகிற அந்தப் பெண், பட்டறைக்குப் பத்தாவது ஆள். வருகைப் பதிவேட்டில் ஒன்பது பேர்தான் உண்டு.

காரணம் ரொம்பச் சுலபம். பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் தொழிலாளர் காப்பீட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒன்பது என்றால் வேண்டியதில்லை. முதலாளிக்குச் சட்டப் புத்தகத்தில் இந்த ஒரு வரி மட்டும் தலைகீழ்ப் பாடம்.

"ஒரே ஒரு நாள் பத்து ஆனாலும் போச்சும்மா. அப்புறம் நாலு பேரா குறைஞ்சாலும் விடமாட்டாங்க. ஆயுசுக்கும் கட்டணும். பட்டறையை மூடிட்டு நான் காசிக்குத்தான் போகணும்" என்று அவர் அவளைச் சேர்த்த அன்றே சொன்னார்.

அவளுக்கு அன்று வேலைதான் பெரிது. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன, சட்டியில் சோறு இருந்தால் சரி என்று தலையாட்டினாள்.

அதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. கோப்பும் கையுமாக யாராவது படியேறினால் கீழே மேஸ்திரி மணியை இரண்டு தட்டு தட்டுவார். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். ஊரெல்லாம் வேலைக்குச் சேர ஓடும், இவள் வேலையிலிருந்து ஓடுவாள் என்று ஒட்டுகிற பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், அந்த ஓட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவேட்டில் ஓர் இடம் காலியானது. "உன் பேரைப் போட்டுடவா?" என்றார் முதலாளி. "என் தம்பி சும்மா இருக்காங்க. ரெண்டு பிள்ளைக்காரன். சம்பளச் சீட்டு இருந்தா அவனுக்கு வாடகை வீடாவது கிடைக்கும்" என்று அந்த இடத்தைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள். அவன் பஞ்சிங் மெஷினில் நின்றான். அட்டையை வைத்துக் கையை எடுத்தால் இரும்புப் பலகை வந்து அறைந்து பெட்டியின் வடிவத்தை வெட்டும். கையை எடுக்க அரை நொடி தாமதமானால் அது கையா அட்டையா என்று பார்க்காது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அது பார்க்கவில்லை. தம்பியின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிச்சம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவை ஒரு தடவை கட்டிவிட்டு அதோடு கையைக் கழுவிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு விவரம் தெரியும். காப்பீடு இருந்திருந்தால் இப்படி வேலையில் பட்ட காயத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் உதவித்தொகை உண்டு, ஒரே ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் உண்டு என்றார். முதலாளி பதியாமல் விட்டிருந்தாலும் பத்துப் பேர் இருந்தது உறுதியானால் போதும், காப்பீட்டு அலுவலகமே கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும் என்றார். தம்பி இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினான். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் முதலாளி முகத்தைப் பார்த்ததும் உளறிவிடுவாள் என்று பயம். மணி அடித்தால் அவள் மாடிக்கு ஓடுவதையும் மனுவில் எழுதியிருந்தான்; அதிகாரி அங்கேயும் ஏறித் தலையை எண்ணினால், தன்னையும் சேர்த்துத் தானே பத்து வரப்போகிறது என்று நினைத்தான்.

அதிகாரி ஒரு புதன்கிழமை வந்தார். மணி இரண்டு தட்டு. அவள் கால்கள் அவளைக் கேட்காமலே பின்படி ஏறின.

இந்த அதிகாரி முந்தியவர்களைப்போல இல்லை. மாடிக்கும் ஏறி வந்தார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக அவள் நிற்பதைப் பார்த்தார்.

"நீங்க இங்க வேலை செய்றீங்களாம்மா?"

"இல்லீங்க. பக்கத்து வீடு. துணி காயப் போட வந்தேன்."

"கையில என்ன, பசை மாதிரி இருக்கு?"

"பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போட்டேங்க."

அவர் அவள் விரல்களை இன்னொரு தடவை பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. பயப்பட வேண்டாம்."

"இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று சிரித்தாள்.

அவர் எழுதினார், படித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கினார். அவள் கீழே வந்து நோட்டு அட்டைக் கதையைச் சொன்னபோது ஒட்டுகிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் எத்தனையோ நாள் கழித்து ஒரு தெளிவு.

"அக்கா, இன்னைக்கு ஆபீசர் வந்தாராமே? எண்ணினாரா?"

அவன் முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் மாடியில் தான் போட்ட கையெழுத்து என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் தம்பியைக் கெடுத்தது. அவனையும் சேர்த்து ஒன்பது. அவள் 'ஆமாம்' என்றிருந்தால் பத்து.

மறுநாள் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அதே அதிகாரி. திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"விபத்து அன்னைக்கோ, அதுக்கு முந்தின பன்னிரண்டு மாசத்துல ஏதோ ஒரு நாளோ நீங்க அங்க இருந்தீங்கன்னு ஒரு தாள் கொடுங்க. சம்பளச் சீட்டு, பேங்க்ல போட்ட சம்பளம், ஏதாவது."

"எல்லாம் கையிலதாங்க கொடுப்பாரு. பதினொரு வருஷமா வேலை செய்றேங்க. கையைப் பாருங்க."

"நேத்தே பார்த்தேனேம்மா" என்றார் அவர் மெதுவாக. "கூட வேலை செய்றவங்க யாராவது எழுதிக் கொடுப்பாங்களா? உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா இருக்கு."

அவள் எட்டுப் பேரிடமும் கேட்டாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி அழுதாள். "பட்டறையை மூடிட்டா என் பிள்ளைங்க எங்க போகும் பத்தக்கா?" அவளைக் குறை சொல்ல இவளால் முடியவில்லை. இத்தனை வருடம் இவளும் அதைத்தானே நினைத்தாள்.

தம்பியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா" என்று கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மட்டும் அதன் பிறகு அவளோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் இனி அந்த நான்கு வயிறும் அவள் கையைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பஞ்சிங் மெஷினைத் துடைத்துவைத்திருந்தார்கள். முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் தம்பி பேரை எடுத்தாச்சு. எட்டுதான் இருக்கு. உன்னைப் போட்டுட்டேன், இன்னைக்குத் தேதியில. இனிமே நீ மாடிக்கு ஓட வேண்டாம்."

ஒன்பதாவது வரியில் தம்பியின் பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, இருந்த கொஞ்ச இடத்தில், அவள் பெயரை முழுதாக எழுதியிருந்தார்கள். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.