இரும்பு பிளேட் யார் வாசலில்

சேக்காட்டில் மழைநீர்க் கால்வாய்க்காகத் ஒரு தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம் தோண்டி, அப்படியே விட்டிருந்தார்கள். அதைப் பற்றி மாதா கோயில் ஹாலில் ஒரு கலந்துரையாடல். குடியிருப்போர் சங்கத் தலைவர் என் பழைய சிநேகிதர். தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். "நீதாம்பா நடத்தணும், நீ பேசினா நாலு பேரு கேப்பாங்க" என்று கூப்பிட்டார். பேச்சாளனுக்கும் நடத்துகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே யாருக்கும் புரிவதில்லை. நடத்துகிறவன் வேலை பேசுவதல்ல, பேச விடுவது. சில சமயம் நிறுத்துவது.

மேடையில் மூன்று பேர். தலைவர், ஒப்பந்தக்காரரின் இளம் பொறியாளர், அந்தத் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. அவர் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பள்ளம் வந்ததிலிருந்து ஆட்டோ வாசலுக்கு வர முடியவில்லை. மறுநாள் காலையும் போக வேண்டும்.

ஆளுக்கு இரண்டு வரியில் அறிமுகம் செய்தேன். தலைவர் தன்னைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு வருத்தமில்லை. மைக்கையும் யாரிடமும் விடவில்லை, நானே வாயருகே பிடித்துக்கொண்டேன். நம்மூரில் மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க ஆள் படை வேண்டும்.

முதலில் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "இன்னா சொல்றதுண்ணா... கஷ்டமா கீது" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மேடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் அப்படித்தான். பிறகு வரலாம் என்று நகர்ந்தேன்.

தலைவர் விடுவாரா? அவையோர்களே என்று ஆரம்பித்து, சங்கம் கொடுத்த மனுக்கள், தான் பார்த்த அதிகாரிகள் என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மைக்கை இழுத்துப் பொறியாளரிடம் நீட்டினேன்.

"வேலை சீக்கிரம் முடிஞ்சிடும் சார்."

"சீக்கிரம்னா?"

"மழை விட்டதும்."

"அதுவரைக்கும் நடக்க முடியாதவங்க எப்படிப் பள்ளத்தைத் தாண்டுவாங்க?"

"இரும்பு பிளேட் போடலாம் சார்."

போடலாம் என்பது பதிலே இல்லை. விடவில்லை. "பிளேட் இருக்கா?"

"எங்க சாமான் யார்டுல இருக்கு."

"போடச் சொல்ல வேண்டியது யாரு?"

"நான்தான் சார்."

"இந்தத் தெருவில் எங்கேயாவது போட்டிருக்கீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டேன். சத்தியமாக எனக்குப் பதில் தெரியாது.

"ஒண்ணு போட்டிருக்கோம் சார். தலைவர் சார் வாசல்ல. கார் எடுக்கணும்னு கேட்டாரு."

தலைவர் மைக்குக்குக் கை நீட்டினார். நியாயப்படி அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லட்டும் என்பதுதான் முறை. ஆனால் அதுவரை பேசியதில் பாதிக்கு மேல் அவருடையது. "உங்களுக்கு அடுத்தது" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பெண்மணியிடம் கொண்டுபோனேன். இந்த முறை அவர் தயங்கவில்லை.

"அந்த பிளேட்டு மேலதாண்ணா எங்க ஊட்டுக்காரர நாற்காலியோட தூக்கினு போறோம். எங்க ஊட்லேர்ந்து மூணு ஊடு செவுரு ஓரமாவே வந்து, தலைவர் ஊட்டு வாசல்ல தாண்டுவோம். ஆட்டோ அங்கதான் நிக்கும்." தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்க வெளிய நின்னு பல்லு வெளக்கினு இருப்பீங்க. எங்களப் பாத்ததும் உள்ள போயிடுவீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

சொன்னபடி மைக்கைத் தலைவரிடம் கொண்டுபோனேன். கையிலேயே கொடுத்தேன், நேரம் பார்க்கவில்லை. அவர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வேலை முடியவில்லை.

பொறியாளரிடம் கடைசிக் கேள்வி. "இவங்க வாசலுக்குப் பிளேட் என்னைக்கு வரும்?"

"இன்னைக்கே சார்."

"போன் பண்ணுங்க. நாங்க காத்திருக்கோம்."

மேடையிலேயே பண்ணினார்.

சாயங்காலம் கிரேன் வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தெருவில் நின்று பார்த்தார்கள். தலைவர் வரவில்லை. தன் வீட்டு வாசலில் பிளேட் பள்ளத்தின் மேல் இறங்கியதும் அந்தப் பெண்மணி அதன் மேல் ஏறி நின்று ஆட்டோக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நாளைக்கு அங்க நிக்காத. நேரா எங்க ஊட்டு வாசலுக்கே வந்துடு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமாண்ணா, வாசலுக்கே" என்றார். பிறகு போனை, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் கையில் கொடுத்தார்.