எட்டு பாயின்ட், ஒரு பிரேக்கர்

தெருவில் அவரைப் பாயின்ட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீடு எவ்வளவு பெரியது என்று கேட்டால், மற்றவர்கள் சதுர அடி சொல்வார்கள். அவர் "நாப்பத்திரண்டு பாயின்ட்" என்பார். விளக்குக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, பிளக் செருகும் இடத்துக்கு ஒன்று என்று எண்ணி எண்ணியே முப்பத்தொரு வருஷம் ஒயரிங் வேலை பார்த்துவிட்டார். யாரிடமும் முறையாகப் படித்தவரில்லை. கருகிப்போன இணைப்புகளைப் பிரித்துப் பார்த்து, எதனால் கருகியது என்று யோசித்து யோசித்துத் தேறியவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது அவர் கணக்கு. அவர் மனைவியைக் கேட்டால் அளவு மாறும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டு வேலையை ஒப்புக்கொண்டாலும் சுவரில் ஒரு கோடு போடுவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரு தாளைக் கொடுப்பார். எந்த மூலையில் என்ன செருகுவீர்கள், அதில் எதெது ஒரே நேரத்தில் ஓடும், எழுதிக் கொடுங்கள் என்பார். ஆண்களிடம் கொடுத்தால் டிவி என்று மட்டும் எழுதித் தருவார்கள் என்பது அவர் அனுபவம். தாள் வராமல் சுவருக்குள் ஒயர் போகும் பைப்பைப் புதைக்க மாட்டார். இதற்காகவே அவரிடம் கோபித்துக்கொண்டு வேறு ஆள் பார்த்தவர்கள் இரண்டு பேர் உண்டு.

இப்படிப்பட்டவர் சொந்த வீட்டுப் பின்பக்கம் மனைவிக்காகக் கட்டிய புது அறைக்கு யாரிடமும் தாள் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய மனுஷியிடம் போய் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டார்.

மனைவி தையல்காரர். அவருடன் இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். வாடகைக்கு இருந்த கடையை உரிமையாளர் காலி செய்யச் சொன்னதால்தான் இந்த அறை. துணிக்கடை நடத்தும் அம்மா ஒருவர், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான உடைகளைத் தைக்கத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமை அறையை நேரில் பார்ப்பார்; மிஷினும் இஸ்திரியும் நிற்காமல் ஓடும் என்று கண்ணால் கண்டால்தான் திங்கட்கிழமை துணியை இறக்குவார். இல்லாவிட்டால் வேறு இடம். வேறு இடம் என்றால் அந்த இரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை; மனைவிக்கும்தான்.

பாயின்ட்டுக்காரர் தன் திட்டத்தை ஒரு கம்பெனி அதிகாரி மாதிரி விவரித்தார்.

"இங்க பாரு. லைட்டுக்குத் தனிப் பிரேக்கர். ஆறு டியூப், ரெண்டு ஃபேன், காத்த வெளிய தள்ற ஃபேன் ஒண்ணு. மொத்தம் ஒம்போது பாயின்ட். ஒண்ணரை எம்.எம். ஒயர், ஆறு ஆம்பியர் பிரேக்கர். எல்லாம் ஓடுனாக்கூட ரெண்டு ஆம்பியரைத் தொடாது. பிளக்குக்கு வேற பிரேக்கர். அதைவிடத் தடியான ரெண்டரை ஒயர், பதினாறு ஆம்பியர். எதுக்குத் தனித்தனியா?"

"நீங்களே சொல்லுங்க. சொல்லாம விடவா போறீங்க?" என்றார் மனைவி, வாயில் குண்டூசியோடு.

"பிளக்குல ஏதாவது தகராறு வந்து பிரேக்கர் விழுந்தா, லைட் அணையாது. ஊசி ஓடிக்கிட்டிருக்கும்போது இருட்டானா விரல் என்னத்துக்கு ஆகும்?"

"அது நல்லதுதான். பிளக் எத்தனை?"

"எட்டு! எந்த இடத்துல நின்னாலும் கைக்கு எட்டும். பத்து பாயின்ட் வரைக்கும் ஒரு பிரேக்கர் போடலாம். நான் எட்டோட நிறுத்திருக்கேன்."

இங்கேதான் அவர் சறுக்கினார். பத்து பாயின்ட் என்பது விளக்குக் கணக்கு. ஒரு விளக்கு இருபது வாட் என்றால் பத்து விளக்கு இருநூறு வாட், எண்ணினால் போதும். பிளக்கில் எண்ணிக்கை பேசாது, செருகும் பொருள்தான் பேசும். இதை அவரே நூறு வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நூறு வீட்டிலும் முன்னால் ஒரு தாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை துணிக்கடை அம்மா வந்தார். சுண்ணாம்பு வாசம் போகாத அறையைச் சுற்றிப் பார்த்தார். அறையைக் கட்டிய கொத்தனாரும் அங்கே இருந்தார். கொத்தனார் தையல்காரரின் தம்பி, அதாவது பாயின்ட்டுக்காரரின் மச்சான். மூன்று மிஷினும் ஓட ஆரம்பித்தன. இரண்டு மேஜையிலும் நீராவி இஸ்திரி சூடேறியது. பாயின்ட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானே மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்போல நின்றார்.

"சத்தமே இல்ல பாத்தீங்களா? ஒயரிங் சரியா இருந்தா மிஷின்கூட மரியாதையா ஓடும்," என்றார்.

வந்தவருக்கு டீ போட வேண்டாமா? தையல்காரப் பெண்களில் ஒருத்தி, கைக்கு எட்டிய ஏழாவது பிளக்கில் கெட்டிலைச் செருகினாள்.

மூன்று நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று நிமிஷத்தில் அவர் தன் தொழில் வாழ்க்கையைப் பாதி சொல்லி முடித்திருந்தார். பிறகு சுவர்ப் பெட்டியில் "டக்" என்று ஒரு சத்தம். மிஷின்கள் மூன்றும் மூச்சை விட்டன. இஸ்திரியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஆனால் ஆறு டியூப்லைட்டும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. திட்டத்தின் முதல் பாதி சொன்னபடியே வேலை செய்தது. அதனால் அவர் முகம் போன போக்கை அறையில் இருந்த எல்லோரும் தெளிவாகப் பார்க்க முடிந்தது. இருட்டாகவாவது போயிருக்கலாம் என்று முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

"மாமா, மரியாதை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு போலிருக்கு. எல்லாம் எந்திரிச்சு நின்னுடுச்சு," என்றார் மச்சான்.

பாயின்ட்டுக்காரர் பிரேக்கரைத் தள்ளிவிட்டார். அது உடனே திரும்ப விழுந்தது. உள்ளே சூட்டில் வளையும் உலோகப் பட்டை இன்னும் ஆறவில்லை. இரண்டு நிமிஷம் பொறுத்துத் தள்ளினார். விழாமல் நின்றது. மறுபடியும் எல்லாம் ஓடி, மறுபடியும் விழுந்தது.

துணிக்கடை அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மனைவி பாதியில் நின்ற துணியை மிஷினிலிருந்து உருவி மடித்தார். அவர் திட்டியிருந்தால் பாயின்ட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதுக்குப் போய் ஏன் மாமா முழிக்கிறீங்க? முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் உங்க பையிலயே இருக்கே. அதைத் தூக்கிப் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அக்கா, அந்தம்மாவை உக்காரச் சொல்லு."

பையில் இருந்தது உண்மை. அவர் கை அதற்குள் போனதும் உண்மை. அதை எடுத்தே விட்டார். போட்டால் விழாது. அந்த அம்மா திருப்தியாகப் போவார். திங்கட்கிழமை துணி வரும். புதுப் பெயின்ட்டில் ஒரு கீறல் விழாது. அவர் பெயரிலும் விழாது. ஆனால் பிரேக்கர் விழாமல் இருப்பதற்கும் ஒயர் சூடாகாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இரண்டரை ஒயர் சுவருக்குள் வேகும்; பெரிய பிரேக்கர் குறட்டை விட்டுத் தூங்கும். பஞ்சும் நூலும் துணியும் நிறைந்த அறை. இதே காரியத்தைச் செய்த ஒருவரை அவர் நடுத்தெருவில் வைத்து, கொலைகாரா என்று கத்தியிருக்கிறார். கத்தும்போது குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது இப்போது அவருக்கு நன்றாக நினைவு வந்தது.

பிரேக்கரைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க," என்றார் துணிக்கடை அம்மாவிடம். "தப்பு பிரேக்கர் மேல இல்ல. அது சரியாத்தான் விழுது. தப்பு என் மேல. எட்டு பிளக்கை எண்ணுனேன், அதுல என்ன செருகுவாங்கன்னு எண்ணல. ஒரு இஸ்திரி ரெண்டாயிரம் வாட். ரெண்டு இஸ்திரிக்கே பதினேழு ஆம்பியர் தாண்டிடுது. மிஷினுக்கு மூணு, கெட்டிலுக்கு ஆறரை. மொத்தம் இருபத்தேழு. பதினாறுல எப்படி நிக்கும்?"

"இதை முன்னாடியே கேக்கலையா?" என்றார் அந்த அம்மா.

"எல்லா வீட்லயும் கேப்பேன்."

"எங்கிட்ட மட்டும் கேக்கல," என்றார் மனைவி. பிரேக்கர் விழுந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பிளக் எத்தனைன்னு நான்தான் கேட்டேன். அதுக்கும் எட்டுன்னு கொட்டி முழக்குனாரு."

துணிக்கடை அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கைப்பையை மடியில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். அன்னைக்கு விழுந்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவர் போனதும் பாயின்ட்டுக்காரர் ஒரு தாளை எடுத்து மனைவியிடம் நீட்டினார். மனைவி அதை வாங்கவில்லை.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ரெண்டு இஸ்திரியும் காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் சூட்டுல இருக்கும். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. மிஷின் மூணு. கெட்டில் இந்த ரூம்லயே வேணாம், துணில தண்ணி சிந்தும், அடுப்படிக்குப் போகட்டும். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"படிங்க, பாப்போம்."

படித்தார்.

பெட்டியில் இரண்டு இடம் காலியாக இருந்தது; அதையாவது ஒழுங்காக விட்டிருந்தார். ஒவ்வொரு இஸ்திரிக்கும் ஒரு பதினாறு ஆம்பியர் பிரேக்கர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிளக். பழைய பிரேக்கரில் மிஷின்களுக்கும் சில்லறைச் சாமான்களுக்குமான மிச்ச ஆறு பிளக். வீட்டின் மெயின் நாற்பது ஆம்பியர் தாங்கும். ஆனால் இந்த அறையோடு அடுப்படியில் கெட்டிலும் குளியலறையில் ஹீட்டரும் சேர்ந்தால் முப்பத்தெட்டைத் தொட்டுவிடும். ஆகவே ஹீட்டர் காலை எட்டரைக்குள் அணைய வேண்டும். வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் யார் என்று மனைவி கேட்கவில்லை. அவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

புதைத்த பைப்பில் இடமில்லை. புது ஒயர்களைச் சுவருக்கு மேலேதான் கொண்டுபோக வேண்டும், பிளாஸ்டிக் பட்டைக்குள் அடைத்து. வெளியே ஒயர் தெரிவது சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்று ஊரெல்லாம் சொன்னவர், தன் வீட்டுப் புதுப் பெயின்ட்டின்மேல் வெள்ளைப் பட்டையை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை அடித்தார். மச்சான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"சட்டையைக் கழட்டிட்டீங்களா மாமா?"

"உன் சுவர் கோணலா இருக்கு மச்சான், அதான் பட்டை கோணலாத் தெரியுது."

"சுவரைச் சொல்லாதீங்க. சுவர் அக்காகிட்ட தாள் கேட்டுத்தான் நின்னுச்சு."

ஞாயிறு சாயங்காலம் துணிக்கடை அம்மா வந்தார். இரண்டு இஸ்திரி, மூன்று மிஷின், எல்லா விளக்கும், விசிறியும். அடுப்படியில் கெட்டில். அரைமணி நேரம் எல்லாம் நிற்காமல் ஓடின. பாயின்ட்டுக்காரர் இந்த முறை கதை சொல்லவில்லை. பெட்டியின்மேல் கை வைத்து வைத்து எடுத்தார். இளஞ்சூடுகூட இல்லை. துணிக்கடை அம்மா ஒரு காலரை மிஷினிலிருந்து எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல துணி வந்துடும்," என்றார். எழுந்தவர், சுவரைப் பார்த்து நின்றார். "இது என்ன, இவ்வளவு நீளத்துக்கு?"

பாயின்ட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி நூல் கோத்துக்கொண்டே, "சொல்லுங்க. நான் சொன்னா இன்னும் நீளமாகும்," என்றார்.

"அது நான் கேக்காம விட்டதும்மா," என்றார் அவர். "மொத்தம் பதினொரு மீட்டர்."