பச்சை வராத ஆணி

எங்கள் டவுன்ஷிப் பள்ளியில் நான் மேல்வகுப்புகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்கு நடத்தியவள் என்னைவிடச் சின்னவள். பல வருடங்களாகக் கான்ட்ராக்ட். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியானது. தேர்வுக்குழு வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து முடிவு செய்யும் என்றார்கள்.

உலோகங்களின் வினைத்திறன் வரிசையை அவளே தேர்ந்தெடுத்தாள். "கண்ணெதிரே நிறம் மாறும், அக்கா. நான் உளறினாலும் டெஸ்ட் ட்யூப் காப்பாத்தும்" என்றாள்.

ஆய்வகத்தில் இருந்த ஆணிகள் துருப்பிடித்தவை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எப்போதும் பயன்படுத்துவோம். குழு வருகிற நாளில் துருவா என்று அவள் கணவர் கடைக்குப் போய் வெள்ளி மாதிரி மின்னும் புது ஆணிகளாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கும் அவை பார்க்க லட்சணமாகத்தான் தோன்றின.

குழுவில் இரண்டு பேர். அவர்களும் பிரின்சிபாலும் முன்னால், நான் கடைசி பெஞ்சில். நீலமான காப்பர் சல்பேட் கரைசல் இரண்டு குழாய்களில். ஒன்றில் துத்தநாகத் துண்டுகள், மற்றொன்றில் ஆணிகள். அவை வேலை செய்யட்டும் என்று விட்டு, அவள் பலகையில் எழுதினாள்:

Zn + Cu²⁺ → Zn²⁺ + Cu
Fe + Cu²⁺ → Fe²⁺ + Cu

"சல்பேட்டை ஏன் எழுதல, மிஸ்?" என்றாள் ஒரு பெண்.

"அது ரெண்டு பக்கமும் மாறாம அப்படியே இருக்கு. சும்மா வேடிக்கை பார்க்குது. மாறுறதை மட்டும்தான் இதுல எழுதுவோம்."

"வேடிக்கை பார்க்கிறது பெர்மனன்ட் வேலையா, மிஸ்?"

வகுப்பு சிரித்தது. நான் பிரின்சிபாலைப் பார்க்கவில்லை.

பாடம் முடியும் நேரத்தில் குழாய்களைக் குலுக்கி, வெள்ளைத்தாள் பிடித்துக் காட்டினாள். இரண்டிலும் செம்பு பழுப்பாகப் படிந்திருந்தது. துத்தநாகக் குழாயில் நீலம் போய்த் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. சரி. ஆணிக் குழாயும் அதேபோலத் தெளிந்திருந்தது.

குழுவில் மூத்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இரும்பு கரைஞ்சா இளம்பச்சை வரணுமேம்மா. எங்க பச்சை?"

அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு பலகையில் இரண்டாவது சமன்பாட்டைக் கோடு போட்டு அடித்தாள்.

"இந்தக் குழாயில இது நடக்கலை, சார்." வகுப்பின் பக்கம் திரும்பினாள். "செம்பை வெளியே தள்ளியிருக்கு. ஆனா கரைசலுக்கு நிறமே இல்ல. அப்ப கரைஞ்சது யாரு?"

பெர்மனன்ட் வேலையா என்று கேட்டவள்தான் முதலில் கத்தினாள். "துத்தநாகம், மிஸ்! ஆணி மேல பூசியிருக்காங்க! எங்க வூட்டு மாடியில பைப்பும் இப்படித்தான் பளபளன்னு இருக்கும்."

"அதேதான். மேலே துத்தநாகம் இருக்கிறவரைக்கும் முதல்ல அதுதான் கரையும். வரிசையில அது இரும்புக்கு மேலே."

"சொல்றது சரி. காட்டணுமே?" என்றார் மூத்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

இருவரும் ஆய்வகத்துக்கு ஓடினோம். புது ஆணிகள் சிலவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். நுரை பொங்கியது, பூச்சு கரைந்ததும் நுரை அடங்கி, ஆணி மங்கலாகச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. நன்றாகக் கழுவி, ஒன்றைத் துத்தநாக சல்பேட்டிலும் மற்றவற்றைப் புதிய நீலக் கரைசலிலும் இட்டோம். இன்னொரு குழாயில் புதிதாகக் கரைத்த இரும்பு சல்பேட்டில் ஒரு துத்தநாகத் துண்டு.

"சாப்பிடுடீ" என்றேன்.

"பச்சை வரட்டும், அக்கா."

குழாயை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் திறக்கப்படாமலே கிடந்தது.

குழு திரும்பியபோது ஆணிகள் செம்பு போர்த்தியிருந்தன. வெள்ளைத்தாளின் முன்னே கரைசல் சந்தேகமில்லாத இளம்பச்சை. துத்தநாக சல்பேட்டில் ஆணி போட்டபடியே மாறாமல் கிடந்தது. இரும்பு சல்பேட்டில் துத்தநாகத்தின் மேல் இரும்பு கறுப்பாகப் படிந்திருந்தது. அடித்த சமன்பாட்டை அவள் மறுபடி எழுதி, கீழே துத்தநாகம், இரும்பு, செம்பு என்று வரிசை போட்டாள்.

மூத்தவர் குழாயைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "நல்ல ஆணியே கொண்டு வந்திருந்தா நாங்க இவ்வளவு பார்த்திருக்க மாட்டோம்மா" என்றார்.

மாலையில் பிரின்சிபால் அறையிலிருந்து வந்தவள் என் மேசைமேல் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"கிடைச்சிடுச்சு, அக்கா. எப்ப வந்து சேர்றீங்கன்னு கேட்கிறாங்க. நான் எங்கேருந்து வர்றது? நாளைக்கு முதல் பீரியடே எனக்குத்தான்."