கண்ணாடியில் தெரிந்த கைப்பிடி

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். படங்களில் இருக்கும் பொருள்களைச் சுற்றிக் கட்டம் வரைந்து பெயர் குறிப்பதுதான் வேலை. அதை வைத்து எங்கேயோ ஒரு கணினி பொருள்களை அடையாளம் காணப் பழகும். நான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். பக்கத்து நாற்காலிக்காரன் காயல்பட்டினத்துக்காரன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன்.

அவன் வேலை வேகம் எனக்கு ஆகாது. நான் ஒரு படத்தைப் பெரிதாக்கி, சுருக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பேன். அவன் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டம் போட்டுவிடுவான். அதில் தப்பும் அதிகம் வராது. மேற்பார்வை பார்க்கும் அக்கா அவனைக் கூப்பிடும்போது குரலில் ஒரு இளக்கம் இருக்கும். என்னைக் கூப்பிடும்போது அது இருக்காது, அல்லது இல்லை என்று எனக்குத் தோன்றும். பிறர் போட்ட கட்டங்களைச் சரிபார்க்கும் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து அவன் இருமினால்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த வாரம் வீட்டு உடற்பயிற்சிப் பொருள்கள். டம்பெல், கெட்டில்பெல், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பரான ரெசிஸ்டன்ஸ் பேண்ட், வயிற்றுப் பயிற்சிக்குத் தரையில் உருட்டும் ஆப் வீல் என்று நான்கே பெயர். ஒரே படத்தை இருவரிடம் கொடுத்து, வித்தியாசம் வந்தால் அக்கா இருவரையும் கூப்பிடுவார். எங்களைக் கூப்பிட்டது ஒரு அறை மூலைப் படத்துக்காக. சுருட்டிய பாய், சுவரில் சாய்த்த உயரக் கண்ணாடி, ஆணியில் தொங்கும் சிவப்பு ரப்பர் குழாய், தரையில் கறுப்பாகச் சில பொருள்கள்.

குழாயில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஸ்கிப்பிங் கயிறு என்றால் கட்டையான கைப்பிடி இருக்கும். இதில் நாடாவில் கோத்த பிடி, தொய்ந்து கிடந்தது. பேண்ட்தான்.

சுவரோரம் கிடந்ததை அவன் டம்பெல் என்று போட்டிருந்தான். நான் ஆப் வீல் என்று போட்டிருந்தேன்.

"டம்பெல்லுக்குக் கனம் ரெண்டு பக்கமும் இருக்கும், பிடி நடுவுல இருக்கும்லா," என்றேன் அக்காவிடம். "இதுல சக்கரம் நடுவுல, பிடி ரெண்டு பக்கமும். ஒரு பிடி சுவர்ப் பக்கம் மறைஞ்சிருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். "ஆமா வே, நீங்க சொல்லுததுதான் சரி. நான் அவசரப்பட்டுட்டேன்."

அவ்வளவுதான். கொஞ்சமாவது முகம் சுண்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்தது பாய்க்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்த கறுப்பு உருண்டை. நான் கெட்டில்பெல் என்றேன். அவன், நிமிர்த்தி வைத்த டம்பெல் என்றான்.

"கெட்டில்பெல்னா மேல வளையம் மாதிரிப் பிடி தெரியணும்லா," என்றான்.

"சாஞ்சு கிடந்தா பிடி பின்னால போயிரும்."

"எங்க வீட்ல காக்கா, அதான் எங்க அண்ணன், துபாயில இருந்து கொண்டு வந்த டம்பெல் கிடக்கு. எங்க உம்மா எடுத்து ஒதுக்கும்போது இப்படித்தான் நிமிர்த்தி வைப்பாங்க."

அவன் வீட்டில் அந்தப் பொருளே இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அவற்றைத் தொட்டதுகூட இல்லை. திரையில் பார்த்துப் பார்த்துக் கற்றவன்.

அக்காவுக்கு முடிவு செய்ய முடியவில்லை. "ரெண்டு பேரும் இன்னொரு தடவை பாருங்க, பைய பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போன் பேசப் போனார். அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

அவன் சொன்னது தப்பு என்று காட்ட ஏதாவது கிடைக்காதா என்று படத்தை ஓரம் ஓரமாகப் பெரிதாக்கினேன். கண்ணாடியின் அடிவிளிம்பில் வந்து நின்றேன். பாயின் பின்பக்கம் அதில் மங்கலாகத் தெரிந்தது. மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை, நடுவே மெல்லிய உலோகப் பிடி. டம்பெல்தான்.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அப்படியே சுருக்கிவிட்டால் 'உறுதியில்லை' என்று அந்தப் பொருளை ஒதுக்கிவிடுவார்கள். சரியாகச் சொன்ன பேர் அவனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கை மவுஸின்மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஆனால் அந்தப் பிடியைப் பார்த்துவிட்ட பிறகு அங்கே கெட்டில்பெல் என்று ஒரு கட்டம் இருப்பதை என் கண்ணே தாங்கவில்லை.

அக்கா வந்ததும், "அங்கன பாருங்க, கண்ணாடியில," என்றேன். "அவரு சொன்னதுதான் சரி."

அடுத்த மாதம் அந்த இடம் அவனுக்குப் போனது. அவன் என்னிடம் வந்து, "நீங்க கண்ணாடியக் காட்டலைன்னா அந்தப் படம் அப்படியே போயிருக்கும்," என்றான். உண்மையாகத்தான் சொன்னான். வாழ்த்துச் சொன்னேன்.

இப்போது என் கட்டங்கள் அவனிடம்தான் போகின்றன. திருப்பி அனுப்பினால் காரணம் எழுதி அனுப்புகிறான். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. திருத்தி அனுப்புகிறேன். ஒன்றும் திரும்பி வராத நாளில், மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்று அவன் என் படங்களைச் சரியாகப் பார்த்தானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே வருகிறேன்.